கூரை ப்ரொஜெக்டருக்கு ஃபைபர் எச்டிஎம்ஐ: 15 மீட்டர் பைப்புக்குள் நடந்த வேலை

பழைய 1080பி ப்ரொஜெக்டரைக் கழற்றிவிட்டு அதே ஸ்டாண்டில் 4கே ப்ரொஜெக்டரை மாட்டும்போது கேபிளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சுவருக்குள் ஏற்கெனவே ஒன்று கிடக்கிறது, ஏழெட்டு வருடமாகப் படம் வருகிறது, அப்புறம் என்ன? கோவையில் ஒரு வீட்டில் எனக்கு வந்த வேலை அப்படித்தான் தொடங்கியது. ஹோம் தியேட்டர் மாட்டித் தருவது என் தொழில். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மில் அதிகாரி, எதையும் துல்லியமாகக் கவனித்துச் சொல்கிறவர். போனிலேயே நோயைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, டிஷ் போட்டா பளிச்சுன்னு வருதுங்க. அந்த 4கே பெட்டியில படம் போட்டாத்தான் இருட்டு சீன்ல வெள்ளை வெள்ளையா பொறி பறக்குது. நடுநடுவுல ரெண்டு செகண்டு கறுப்பாகி மறுபடி வருது. ப்ரொஜெக்டர் பீஸே கோளாறுன்னு கடைக்காரன்கிட்ட சொல்லி மாத்திரலாங்களா?"

வேண்டாம் சார், நான் வந்து பார்க்கிறேன் என்றேன். ப்ரொஜெக்டரின் பேனல் கெட்டால் புள்ளி ஒரே இடத்தில் நிற்கும், டிஷ் போட்டாலும் தெரியும். இடம் மாறி மாறிப் பொறி பறந்து, கூடவே படம் விட்டுவிட்டு வந்தால், பாதி வழியில் சிக்னல் தேய்கிறது என்று அர்த்தம்.

மாடியில் நீள ஹால். ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர், டிஷ், 4கே பெட்டி எல்லாம் முன்பக்க மூலையில் ஒரு அலமாரிக்குள். ப்ரொஜெக்டர் பின்பக்கமாகக் கூரையில் தொங்குகிறது. இரண்டுக்கும் இடையே நேராகப் பார்த்தால் ஆறு மீட்டர்கூட இருக்காது. ஆனால் கேபிள் நேராகப் போவதில்லை. அலமாரியிலிருந்து சுவர் ஏறி, கான்கிரீட்டுக்குள் ஹாலின் நீளத்துக்கு ஓடி, பக்கவாட்டில் திரும்பி நடுவுக்கு வந்து, ஸ்டாண்ட் வழியாக இறங்க வேண்டும். இரண்டு முனையிலும் கொஞ்சம் தளர்வும் வேண்டும். ஆறு மீட்டர் என்று கண் சொன்னது, கூட்டிப் பார்த்தால் 15 மீட்டர். கேபிள் வாங்கும் முன் பைப்புக்குள் ஒரு நூலை விட்டு அளந்து பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

கேபிளைக் குற்றம் சொல்லும் முன் அதை நிரூபிக்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, 4கே பெட்டியின் டிஸ்பிளே செட்டிங் போதும். 1080பி 60 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் கேபிள் வழியாக விநாடிக்குச் சுமார் 4.5 ஜிகாபிட் ஓடும். 4கே 24 ஹெர்ட்ஸ், எட்டு பிட் நிறம் என்றால் அது 9 ஆகும். 4கே 60 ஹெர்ட்ஸ், முழு நிறம் என்றால் 18. ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு. அந்த வீட்டில் முதல் படியில் படம் சுத்தமாக வந்தது. இரண்டாவது படியில் பொறி பறந்தது, சில நிமிடத்துக்கு ஒருமுறை கறுப்பானது. மூன்றாவது படியில் 'நோ சிக்னல்'. அப்புறம் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, இரண்டு மீட்டர் கேபிளில் நேராக ப்ரொஜெக்டரில் செருகினேன். மூன்று படியிலும் படம் கண்ணாடிபோல் தெளிவு. கீழே நின்ற சார், "அப்ப கடைக்காரன் மேல தப்பில்லைங்க" என்றார்.

செம்புக் கேபிளில் இது தவிர்க்க முடியாதது. சிக்னலின் வேகம் கூடக்கூட அது செம்புக்குள் ஓடாமல் மேல்தோலை ஒட்டியே ஓடுகிறது, கம்பியின் தடை கூடுகிறது, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் விழுங்குகிறது. தடித்த கம்பி போட்டால் கொஞ்ச தூரம் கூடுதலாகப் போகும். என் அனுபவத்தில் 18 ஜிகாபிட்டை ஐந்து மீட்டர் வரை எந்த நல்ல செம்புக் கேபிளும் தாங்கும். ஏழு, எட்டு மீட்டர் என்றால் கேபிளின் தரம், பெட்டியின் குணம், ப்ரொஜெக்டரின் குணம் மூன்றும் ஒத்துவந்தால் உண்டு. அதற்கு மேல் செம்பில் முயல்வதை நான் விட்டுவிட்டேன். இந்தப் பொறியைக் கவனித்துக்கொள்ளுங்கள்: படம் இருக்கிறது, புள்ளிகள் மட்டும் மின்னுகின்றன என்றால், படத்தைச் சுமக்கும் அதிவேகக் கம்பிகளில் பிழை நுழைகிறது. பின்னால் வேறு வகைக் கோளாறு ஒன்று வரும்போது இந்த வேறுபாடு உதவும்.

மாற்று வழி இரண்டுதான். ஒன்று, ஆக்டிவ் ஆப்டிகல் கேபிள், கடைகளில் ஃபைபர் எச்டிஎம்ஐ என்று கேட்டால் தருவார்கள். இன்னொன்று, கேட்6 என்ற நெட்வொர்க் வயரை இழுத்து இரு முனையிலும் எக்ஸ்டெண்டர் பெட்டி வைப்பது. இந்த வீட்டுக்கு ஃபைபர் என்று முடிவு செய்தேன். 18 ஜிகாபிட்டையும் சுருக்காமல் அப்படியே கொண்டு போக வேண்டும், ப்ரொஜெக்டர் பக்கத்தில் கூடுதலாக ஒரு பெட்டி தொங்கக் கூடாது என்பது சாரின் மனைவியின் கண்டிஷன், அதுவும் நியாயமானதே.

ஃபைபர் எச்டிஎம்ஐ என்ற பெயர் பாதி உண்மைதான். அதன் வயிற்றில் நான்கு கண்ணாடி இழைகள் இருக்கும். பெட்டிப் பக்கத்து பிளக்குக்குள் இருக்கும் நுண்ணிய லேசர்கள் மின்சிக்னலை ஒளியாக்கி அனுப்பும், ப்ரொஜெக்டர் பக்கத்து பிளக்குக்குள் இருக்கும் சென்சார்கள் அதைத் திரும்ப மின்சிக்னலாக்கும். படம் அப்படிப் போகிறது, 15 மீட்டரோ 50 மீட்டரோ ஒளிக்குக் கவலை இல்லை. ஆனால் எச்டிஎம்ஐயில் படம் மட்டும் போவதில்லை. 'நான் இன்ன ப்ரொஜெக்டர், இன்னின்ன ரெசல்யூஷன் எனக்குத் தெரியும்' என்று ப்ரொஜெக்டர் பெட்டிக்குச் சொல்லும் ஈடிஐடி விவரம், படத்தை நகலெடுக்க விடாமல் காக்கும் சரிபார்ப்பான எச்டிசிபி, 'இந்தப் பக்கம் ஆள் இருக்கிறேன்' என்ற அறிவிப்பு, இவற்றோடு 5 வோல்ட் மின்சாரம் எல்லாமே பெரும்பாலான ஃபைபர் கேபிள்களில் பக்கத்திலேயே ஓடும் மெல்லிய செம்புக் கம்பிகளில்தான் போகின்றன. ஃபைபர் போட்ட பிறகும் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்தச் செம்புக் கம்பிகளில்தான். கண்ணாடி இழையை எல்லோரும் பயத்தோடு தொடுகிறார்கள், இந்தக் கம்பிகளை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

முதலில் பைப்பைச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் போட்டது 25 மில்லிமீட்டர் பிவிசி பைப். வெளி அளவுதான் 25, உள்ளே 21, 22 மில்லிமீட்டர்தான் தேறும். சாதாரண எச்டிஎம்ஐ பிளக் மூடியோடு சேர்த்து 20 மில்லிமீட்டர் அகலம், நான்கு சென்டிமீட்டர் நீளம், வளையாது. நேர்ப் பைப்பில் தட்டுத்தடுமாறிப் போகும், முதல் பெண்டிலேயே கதவு சாத்திவிடும். அப்படியானால் பழைய கேபிள் எப்படி உள்ளே போனது? பைப்பை ஒட்டும் முன்பே ஒவ்வொரு துண்டாகக் கேபிளில் கோத்துக்கொண்டே வந்து ஒட்டியிருக்கிறார்கள். கான்கிரீட் போட்ட பிறகு பிளக்கோடு அது வெளியே வராது.

அதனால் பழைய கேபிளின் பிளக்கை இரு பக்கமும் வெட்டினோம். வெட்டியதும் அது ஒரு நல்ல இழுகயிறாகிவிட்டது. ஒரு முனையில் நைலான் கயிற்றைக் கட்டி, முடிச்சு பெண்டில் சிக்காதபடி இன்சுலேஷன் டேப்பை முனை கூராக வரும்படி சுற்றி, அலமாரிப் பக்கத்திலிருந்து என் ஹெல்பர் தம்பி தள்ள, ஏணியிலிருந்து நான் இழுத்தேன். தடித்த கேபிள், மூன்று பெண்டு, நன்றாகவே மல்லுக்கட்டியது. பைப்புக்குள் கொஞ்சம் வயர் இழுக்கும் ஜெல் விட்டதும் நகர்ந்தது. எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள், அவை கேபிளின் மேல்தோலைக் கெடுக்கும். கேபிள் முழுவதும் வெளியே வந்தபோது நைலான் கயிறு பைப்புக்குள் நின்றது.

புதிய கேபிளாக, தலை கழன்று வரும் வகையை வாங்கினேன். கேபிளின் முனையில் சிறிய பிளக் மட்டும் இருக்கும், முழு அளவு எச்டிஎம்ஐ தலையைக் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம். கேபிள் ஐந்து மில்லிமீட்டர் தடிமன், இழுக்கும் முனை 12 மில்லிமீட்டர் அளவு, மூன்று பெண்டையும் தாண்டும். ஒரு குறை உண்டு: கழன்று வரும் தலை என்றால் ஒரு இணைப்பு கூடுதல், அந்த இணைப்பு தளர்ந்தால் அதுவே ஒரு கோளாறு. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் தாராளமாக இடம் இருக்கும் வீடுகளில் நான் இதை வாங்க மாட்டேன், தலை ஒட்டியே வரும் சாதாரண வகை போதும்.

இழுக்கும் முன் தரையில் போட்டுச் சோதித்தேன். இதைத் தாண்டிப் போகவே கூடாது. ஃபைபர் கேபிள் ஒருவழிப் பாதை. ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்பிளே' என்று அச்சிட்டிருக்கும், மாற்றிச் செருகினால் எதுவும் கெடாது, ஆனால் படம் வராது. சுவருக்குள் திருப்பி இழுத்துவிட்டால் மறுபடி உருவித்தான் போட வேண்டும். அதனால் ஹால் தரையில் பெரிய வட்டமாக விரித்து, பெட்டி, ரிசீவர், ப்ரொஜெக்டர் என்று உண்மையில் வரப்போகும் வரிசையிலேயே இணைத்து, 4கே 60 முழு நிறத்தில் ஒரு முழுப்படம் ஓட விட்டோம். சாரும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தார்கள், டீ வந்தது, கேபிள் பாஸ்.

இழுக்கும்போது கயிற்றை பிளக்கில் கட்டக் கூடாது. கேபிளோடு ஒரு இழுமூடி கொடுத்திருப்பார்கள், அது இழைகளுக்குப் பக்கத்தில் ஓடும் கெவ்லர் நாரைப் பிடித்து இழுக்கும், சுமை நாருக்குப் போகும், கண்ணாடிக்குப் போகாது. மூடி இல்லாவிட்டால் கேபிளின் உடம்பில் ஒரு முழ நீளத்துக்குக் கயிற்றைப் பின்னிக் கட்டி டேப் சுற்றுங்கள். ஒருவர் இழுக்க, மறுமுனையில் ஒருவர் சுருளை உருட்டிக்கொடுக்க வேண்டும், சுருளை அப்படியே தரையில் வைத்து உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கேபிள் ஒரு முறுக்கு வாங்கும். எங்கேயாவது நின்றுவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி இழுங்கள். வளைவு எதுவும் டீ டம்ளரின் வாயைவிடச் சிறியதாக வேண்டாம் என்பது நான் பையன்களுக்குச் சொல்லிவைத்திருக்கும் அளவு. கம்பெனிகள் இதைவிடச் சிறிய வளைவையும் அனுமதிக்கின்றன, ஆனால் சுவருக்குள் போன பிறகு பார்க்க முடியாத இடத்தில் ஓரத்தில் நிற்க எனக்கு விருப்பமில்லை. இழை ஒன்று முறிந்தால் அந்தக் கேபிளை ஒட்டவோ வெட்டிச் சேர்க்கவோ வழியில்லை, தூக்கிப்போட வேண்டியதுதான்.

மேலே ஏறியதும் இணைத்தோம், படம் வந்தது, மூன்று படியிலும் சுத்தம். வேலை முடிந்தது என்று பில் போட்டேன். அடுத்த வாரம் சாரின் மகன் பெங்களூரிலிருந்து வந்து, தன் லேப்டாப்பை ரிசீவர் வழியாக இல்லாமல் நேராக அந்தக் கேபிளில் செருகியிருக்கிறார். 'நோ சிக்னல்'. இன்னொரு முறை செருகினால் படம் வருகிறது, ஐந்து நிமிடத்தில் போகிறது. "அண்ணா, ஃபைபர் வேலை செய்யலைங்க" என்று போன்.

இங்கேதான் முன்பு சொன்ன வேறுபாடு கை கொடுத்தது. பொறி இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லைங்க, வந்தா நல்லா வருது, இல்லைன்னா ஒண்ணுமே இல்லை." அப்படியானால் இழையில் பிழை இல்லை. மின்சாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஃபைபர் கேபிளின் லேசரும் சென்சாரும் ஓட மின்சாரம் வேண்டும். அதை அவை எச்டிஎம்ஐ சாக்கெட்டின் 18-ஆவது பின்னில் வரும் 5 வோல்ட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. விதிப்படி எந்தப் பெட்டியும் அந்தப் பின்னில் குறைந்தது 55 மில்லிஆம்பியர் தந்தால் போதும். ரிசீவர்கள் பொதுவாக அதைவிடத் தாராளமாகத் தரும், அதனால் முதல் வாரம் பிரச்சினை தெரியவில்லை. லேப்டாப்பின் சி டைப் சாக்கெட்டில் ஒரு சிறிய கன்வெர்ட்டர் வைத்து எச்டிஎம்ஐ எடுத்தால், விதி சொன்ன குறைந்தபட்சத்தோடு நிற்கும் கன்வெர்ட்டர்கள் நிறைய. இன்னொன்று, ப்ரொஜெக்டர் பக்கத்துச் சென்சாருக்கும் அந்த 5 வோல்ட் 15 மீட்டர் மெல்லிய செம்பில் ஓடித்தான் போக வேண்டும். 30 கேஜ் கம்பி என்று வைத்துக்கொண்டால் மீட்டருக்கு ஓமில் மூன்றில் ஒரு பங்கு தடை, போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்த்து 30 மீட்டருக்குப் பத்து ஓம். அதில் 50 மில்லிஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே காலி. 5 வோல்ட்டில் கிளம்பியது 4.5 ஆகச் சேரும். ப்ரொஜெக்டர் பக்கத்தில் குறைந்தது 4.7 வோல்ட் இருக்க வேண்டும் என்பது எச்டிஎம்ஐ விதி. திரும்பும் பாதைக்குக் கவச உறை துணை செய்வதால் உண்மையான இழப்பு கொஞ்சம் குறையலாம், ஆனாலும் விளிம்பில்தான் நிற்கிறது. லேப்டாப் சூடானாலோ வோல்ட் துளி இறங்கினாலோ படம் போய்விடும்.

தீர்வு கேபிளின் டப்பாவுக்குள்ளேயே இருந்தது. டிஸ்பிளே முனையின் தலையில் சிறிய யுஎஸ்பி சாக்கெட் ஒன்றும், அதற்கான வயரும் கொடுத்திருந்தார்கள், நிறையப் பேர் அதை டப்பாவோடு குப்பையில் போடுகிறார்கள். அதில் 5 வோல்ட் கொடுத்ததும் லேப்டாப் படம் நின்றது. முதலில் ப்ரொஜெக்டரின் சொந்த யுஎஸ்பி சாக்கெட்டிலிருந்தே எடுத்தோம், ஆனால் ப்ரொஜெக்டர் ஸ்டேண்ட்பையில் இருக்கும்போது அந்தச் சாக்கெட் செத்துவிடுகிறது. பெட்டியை முதலில் ஆன் செய்து ப்ரொஜெக்டரைப் பின்னால் ஆன் செய்தால், பெட்டி ஏற்கெனவே 'மறுபக்கம் ஆளில்லை' என்று முடிவு கட்டிவிட்டிருக்கும். அதனால் ப்ரொஜெக்டருக்குக் கரண்ட் வரும் கூரைப் பாயிண்டிலேயே ஒரு போன் சார்ஜர் செருகி அதிலிருந்து கொடுத்தோம். இப்போது நான் கேபிள் வாங்கும்போது வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுக்க வசதி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். கூரைப் பாயிண்டில் இரண்டு சாக்கெட் வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடமும் சொல்லிவிடுகிறேன்.

மின்சாரம் சரியாக இருந்தும் தொல்லை வந்தால், அடுத்து ஈடிஐடியும் எச்டிசிபியும் ஓடும் கம்பிகள். இவை வேகம் குறைந்தவை, ஆனால் நீளம் கூடக்கூட கம்பிகளுக்கிடையே சேரும் கெபாசிடன்ஸ் சிக்னலின் விளிம்பை மழுங்கடிக்கும். அடையாளம் எளிது. ப்ரொஜெக்டர் 4கே, ஆனால் பெட்டி 1080பிக்கு மேல் போக மறுக்கிறது, அல்லது எச்டிஆர் என்ற வாய்ப்பே செட்டிங்கில் காணோம் என்றால் ஈடிஐடி ஒழுங்காகப் படிக்கப்படவில்லை. மெனு வருகிறது, ஓடிடியில் படத்தைத் தொட்டதும் கறுப்பு அல்லது பிழைச் செய்தி என்றால் எச்டிசிபி. இரண்டிலும் பொறி பறக்காது. 20 மீட்டருக்கு மேல் போகும்போது மலிவான கேபிளுக்கும் நல்ல கேபிளுக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான், நல்லவற்றில் இந்தக் கம்பிகளுக்கும் ஒரு பஃபர் சிப் வைத்திருப்பார்கள்.

அப்படியானால் கேட்6 எக்ஸ்டெண்டர் எப்போது? கல்யாண மண்டபம், பள்ளி ஆடிட்டோரியம் என்றால் நான் அந்தப் பக்கம் போகிறேன். மேடையிலிருந்து ப்ரொஜெக்டர் 40 மீட்டர், காட்டப்போவது லேப்டாப் ஸ்லைடும் வீடியோவும், 1080பி தாராளம். அங்கே எலி கடிக்கும், பந்தல்காரர் ஆணி அடிப்பார். கேட்6இல் முனை சேதமானால் வெட்டி, புது கனெக்டர் கிரிம்ப் செய்து பத்து நிமிடத்தில் ஓட்டிவிடலாம். ஃபைபரில் அந்தச் சலுகை இல்லை. நிறைய மண்டப ப்ரொஜெக்டர்களில் கேட்6 வயரை நேராகவே வாங்கிக்கொள்ளும் எச்டிபேஸ்டி சாக்கெட் கூடவே வரும், அப்போது ப்ரொஜெக்டர் பக்கம் தனிப் பெட்டியும் தேவையில்லை, மேடைப் பக்கம் ஒன்று போதும்.

ஆனால் எக்ஸ்டெண்டர் என்ற பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கிறார்கள். எச்டிபேஸ்டி வகை படத்தைக் கண் உணரும் தாமதம் இல்லாமல் அனுப்பும். 2.0 தலைமுறை வரை அதன் கொள்ளளவு 10 ஜிகாபிட் சொச்சம்தான், அதனால் 4கே 60 முழு நிறத்துக்குச் சுருக்க வேண்டியிருக்கும், 3.0 வந்த பிறகுதான் 18 அப்படியே போகிறது. மற்றது, படத்தை நெட்வொர்க் பாக்கெட்டாகச் சுருக்கி அனுப்பும் மலிவு வகை. இதைக் கண்டுபிடிக்க, லேப்டாப்பை இணைத்து மவுஸ் கர்சரை வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். கை நின்ற பிறகும் திரையில் கர்சர் நகர்ந்துகொண்டிருந்தால் அது இரண்டாவது வகை. மேடையில் பேசுகிறவரின் முகத்தைத் திரையில் காட்டும் நிகழ்ச்சிக்கு அது உதவாது, வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் என்று ஆகும்.

கேட்6 வயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் பாதி விலைக்குக் கிடைக்கும், மேலே கேட்6 என்றுதான் அச்சிட்டிருக்கும். காந்தம் வைத்தால் இரண்டிலும் ஒட்டாது, அதை நம்பாதீர்கள். கம்பியின் முனையை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கீழே போட்டுவிடுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே எச்டிபேஸ்டி வயர் ஒரே துண்டாக ஓட வேண்டும், நெட்வொர்க் சுவிட்ச் வழியாகப் போகக் கூடாது, கரண்ட் வயரோடு ஒரே பைப்பிலும் போகக் கூடாது.

கோவை வீட்டுக்குத் திரும்புகிறேன். ப்ரொஜெக்டர் முனையில் கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருந்தது. கூரையில் தலைகீழாகத் தொங்கும் ப்ரொஜெக்டரில் பிளக்கின் எடை முழுவதும் சாக்கெட்டில் தொங்கக் கூடாது, ஸ்டாண்ட் கம்பத்தில் வெல்க்ரோ பட்டையால் கேபிளைப் பிடித்து, அங்கிருந்து சாக்கெட் வரை தளர்வாக ஒரு வளைவு விட்டோம். பிளாஸ்டிக் டேக்கை இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் இழை நசுங்கும். சூடான காற்று வரும் வென்ட் எந்தப் பக்கம் என்று பார்த்து, ஃபைபர் தலையை அதற்கு எதிர்ப்பக்கமாக வளைத்தோம், தலைக்குள் இருப்பது எலக்ட்ரானிக்ஸ், ஏற்கெனவே அது தானாக வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அலமாரிப் பக்கம் மிஞ்சிய ஒரு மீட்டரைப் பெரிய வட்டமாகச் சுற்றி ஆணியில் மாட்டினோம். ப்ரொஜெக்டரிலிருந்து ரிசீவருக்குச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று மகன் கேட்டார். கேபிள் ஏஆர்சிக்கு ஆதரவு தருகிறது என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் ஒழிய அதை எதிர்பார்க்காதீர்கள், எல்லாப் பெட்டியையும் ரிசீவரில் செருகினால் அதற்குத் தேவையும் வராது.

கடைசியாக சார் ஒரு கேள்வி கேட்டார்: "48 ஜிகாபிட் கேபிள்னு ஒண்ணு விக்கிறாங்களே தம்பி, அதைப் போட்டிருக்கலாமுங்களா?" அவர் ப்ரொஜெக்டரின் எச்டிஎம்ஐ சாக்கெட்டே 18தான் வாங்கும். அவர் பார்க்கும் சினிமாக்கள் 24 ஃபிரேம், எச்டிஆரோடு சேர்த்தும் 18க்குள் தாராளமாக அடங்கும். 120 ஹெர்ட்ஸ் கேமிங் செய்கிறவர், அதற்கேற்ற ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர் என்றால் வாங்கலாம். இவருக்கு அந்தப் பணத்தில் நான் செய்தது வேறு: அதே பைப்பில் ஃபைபரோடு சேர்த்து ஒரு சுத்தச் செம்பு கேட்6 வயரையும், ஒரு நைலான் கயிற்றையும் இழுத்துவிட்டேன். ஃபைபர் என்றாவது செத்தால் அன்றைக்கே கேட்6இல் ஒரு எக்ஸ்டெண்டரை மாட்டி மேட்ச் பார்க்கலாம், புதுக் கேபிள் வந்ததும் பழையதன் தலையைக் கழற்றி அதை உருவிவிட்டு, புதியதை அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். கேட்6இன் இரு முனையிலும் மார்க்கரால் 'ப்ரொஜெக்டர் ஸ்பேர்' என்று எழுதி, டேப் ஒட்டி, ஜங்ஷன் பாக்ஸுக்குள் மடித்து வைத்திருக்கிறோம்.